நுனிப்புல் மேய்பவருக்கு எழுதுவது எப்படி: ஓர் ஏற்காட்டு வீட்டின் இணையப் பக்கம்

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு வீட்டை வாரக் கடைசிகளில் வாடகைக்கு விடுகிறார் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். சேலத்தில் சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு இணையதள வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, வெப்சைட்ல எல்லாமே போட்டிருக்கேன். ஆனாலும் போன் பண்ணி அதையேதான் கேக்கறாங்க. யாருமே படிக்க மாட்டாங்களா?"

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், எல்லாமே இருந்தது. வாடகை இருந்தது, பார்க்கிங் இருந்தது, டிரைவர் தங்குவதற்கு இடம் இருப்பதும் இருந்தது. ஆனால் பெரும்பாலானவை நீளமான வாக்கியங்களுக்குள் புதைந்திருந்தன. தொடக்கப் பத்தி இப்படி:

> இயற்கை அன்னையின் மடியில் ஓர் இனிய அனுபவம்
>
> ஏழைகளின் ஊட்டி என்று அன்போடு அழைக்கப்படும் ஏற்காட்டின் எழில் கொஞ்சும் காபித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள எங்கள் இல்லத்திற்கு வருகை தரும் விருந்தினர்கள் அனைவரும் தங்கள் குடும்பத்தினருடன் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிக்கும் வகையில் இரண்டு விசாலமான படுக்கையறைகள் அமைக்கப்பட்டு, முன்கூட்டியே தெரிவிக்கும் பட்சத்தில் சுவையான வீட்டு உணவும் ஏற்பாடு செய்து தரப்படுவதோடு, இரண்டு கார்கள் நிறுத்தும் வசதியும், உடன் வரும் ஓட்டுநருக்குத் தனி அறையும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நல்ல மார்க் கிடைத்திருக்கும். இணையத்தில் கிடைக்காது. வருகிறவர் படிக்க வரவில்லை, தேட வருகிறார். கண் பக்கத்தின் மேல் நுனிப்புல் மேய்ந்துகொண்டே போகும், தனக்கு வேண்டிய சொல் தட்டுப்பட்டால்தான் நிற்கும்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. 1997-இல் ஜான் மோர்க்ஸ், ஜேக்கப் நீல்சன் என்ற இருவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சுற்றுலாவைப் பற்றி ஒரே தளத்தை ஐந்து விதமாக எழுதி, ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு விதம் வழக்கமான விளம்பர நடை, அண்ணனின் பக்கத்தைப் போல. இன்னொன்றில் சொற்களைப் பாதியாகக் குறைத்தார்கள். அடுத்ததில் சொற்கள் அப்படியே இருக்க, துணைத்தலைப்பும் பட்டியலும் போட்டுப் பிரித்தார்கள். நான்காவதில் புகழ்ச்சியை மட்டும் எடுத்தார்கள். வேலையை முடிக்க ஆன நேரம், செய்த தவறு, நினைவில் நின்றது, மனநிறைவு எல்லாவற்றையும் சேர்த்து அளந்தபோது, சுருக்கியதற்கு 58 சதவீதம், பிரித்ததற்கு 47 சதவீதம், புகழ்ச்சியை எடுத்ததற்கு 27 சதவீதம் முன்னேற்றம் தெரிந்தது. மூன்றையும் ஒன்றாகச் செய்த ஐந்தாவது விதம் 124 சதவீதம் மேலே போனது.

அது ஆங்கிலத்தில் செய்த சோதனை. தமிழில் எழுதும்போது கூடவே ஒரு சிக்கல் சேர்கிறது. அதைத் தலைப்பைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

## முதலில் கேள்விகள்

எழுத உட்காருவதற்கு முன் அண்ணனிடம் ஒரு பழைய டைரியை எடுத்து, அதைப் போன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். இரண்டு வாரம். யார் கூப்பிட்டாலும் அவர்கள் கேட்ட முதல் கேள்வியை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். திருத்தி எழுதக் கூடாது.

"என்ன ரேட்டுங்க?", "வீடு மொத்தமா குடுப்பீங்களா, ரூமா?", "டிரைவருக்கு எடம் இருக்குங்களா?", "வேன் வருமா?", "சாப்பாடு அங்கயே கெடைக்குமா?", "டவர் எடுக்குமா?" இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. லேடீஸ் சீட் என்ற காட்சிமுனை எவ்வளவு தூரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பழைய பக்கத்தில் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பத்தி இருந்தது.

இந்த டைரி இரண்டு வேலை செய்தது. எதை முதலில் எழுதுவது என்ற வரிசை கிடைத்தது: அதிகம் பேர் கேட்டது மேலே. வார்த்தையும் கிடைத்தது. மக்கள் "ஓட்டுநர்" என்று தேடவில்லை, "டிரைவர்" என்றுதான் தேடுகிறார்கள். "வாகன நிறுத்துமிடம்" என்று எழுதினால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது, "பார்க்கிங்" என்றால் நிற்கிறது. தமிழ் மேல் பற்று உள்ளவன்தான் நான். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு மூன்று குடும்பத்தை ஒருங்கிணைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளுக்கு, அவர் மனதில் ஓடுகிற சொல்லைத்தான் கண்ணில் காட்ட வேண்டும்.

## தலைப்பு: முக்கியச் சொல் முன்னால்

தமிழில் முக்கியமானது கடைசியில் வரும். வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் உட்காரும். அடைமொழியெல்லாம் முன்னால் வந்து, பெயர்ச்சொல் கடைசியில் வரும். பேச்சில் இது அழகு. தலைப்பில் இதுதான் இடைஞ்சல். ஏனென்றால் மேய்கிற கண் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்கும். 2006-இல் நீல்சன் குழு கண் அசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, மேலே இரண்டு வரி கொஞ்சம் அகலமாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகு இடப்பக்கத்தை ஒட்டியே கண் கீழே போவது தெரிந்தது. ஆங்கிலத்தின் F எழுத்து வடிவம். தமிழும் இடமிருந்து வலமாகத்தானே ஓடுகிறது. ஒரு தலைப்பில் முதல் இரண்டு சொல்லுக்கு மேல் நம்மை யாரும் பார்க்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

இப்போது இந்தத் தலைப்பைப் பாருங்கள்:

> எங்கள் இல்லத்தில் விருந்தினர்கள் தங்குவதற்கான கட்டண விவரங்கள்

"கட்டண" என்பதற்கு முன்னால் நான்கு சொல். மொபைலில் அது இரண்டாவது வரிக்குப் போய்விடும். அடுத்த தலைப்பு "எங்கள் இல்லத்தில் விருந்தினர்களுக்கு வழங்கப்படும் உணவு வசதிகள்". இடது ஓரத்தில் மேயும் கண்ணுக்கு இரண்டும் ஒரே தலைப்புதான்: "எங்கள் இல்லத்தில்", "எங்கள் இல்லத்தில்".

இதற்கு நான் கையாளும் வழி எளிது. முக்கியச் சொல்லை எடுத்து முன்னால் வைத்து, ஒரு முக்காற்புள்ளி போட்டு, பதிலைப் பக்கத்திலேயே எழுதிவிடுவது. அண்ணனின் பக்கம் இப்படி மாறியது:

> வாடகை: முழு வீடு, ஓர் இரவுக்கு ₹4,500
>
> டிரைவர்: தனி அறை உண்டு, காசு இல்லை
>
> பார்க்கிங்: 2 கார் நிற்கும், வேன் வராது
>
> சாப்பாடு: முதல் நாளே சொன்னால் சமைப்போம்
>
> டவர்: வீட்டுக்குள் கிடைக்காது, வாசலில் கிடைக்கும்

முக்காற்புள்ளிக்கு முன் இருப்பது கேள்வி, பின் இருப்பது பதில். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரும் பதிலோடு போகிறார். கீழே இருக்கும் பத்தி, இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு.

அண்ணன் இதில் ஒன்றை எதிர்த்தார். "வேன் வராதுன்னு தலைப்புலயே போட்டா வர்றவனும் ஓடிருவான் தம்பி." வேனில் வருகிறவர் ஓடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர் தோட்டத்து மண் பாதையில் வண்டியை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு இவரைத்தான் கூப்பிடுவார். ஒருமுறை அப்படியே நடந்திருக்கிறது என்பதால் அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை.

இலக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்குவதால் கண்ணில் தனியாகத் தெரியும். நமக்கு அந்த வசதி இல்லை. சேர்வராயன் என்பதும் சேர்ந்தவர் என்பதும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். வளைந்து வளைந்து ஓடும் தமிழ் எழுத்துக்கு நடுவே தனித்துத் தெரிவது 2, 6, 4,500 போன்ற இலக்கங்கள்தான். ஆகவே பக்கத்தில் "ஆறு பேர்" என்று எழுதாமல் "6 பேர்" என்று எழுதுங்கள். கதையில் அப்படி எழுதினால் உறுத்தும், இங்கே அது கொக்கி.

சாய்வெழுத்தைத் தொடவே வேண்டாம். தமிழில் அது சாய்ந்த எழுத்தாகத் தெரியாது, சரிந்த எழுத்தாகத் தெரியும். தடித்த எழுத்தைத் தலைப்புக்கும், பத்திக்கு ஒரு சொல்லுக்கும் மேல் கொடுக்காதீர்கள். சின்ன அளவில் தடிக்க வைத்தால் ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைந்து மை கொட்டியது போல ஆகிவிடும்.

## பத்தி: முடிவு முதலில், காரணம் அப்புறம்

பழைய பக்கத்தில் வருகை நேரத்தைப் பற்றி இப்படி இருந்தது:

> மாலை நேரத்திற்குப் பின் தோட்டப் பாதையில் விளக்கு வசதி இல்லாத காரணத்தாலும், பனிமூட்டம் அதிகமாக இருக்கும் நாட்களில் பாதை தெளிவாகத் தெரியாது என்பதாலும், புதிதாக வருபவர்கள் வழி தவற வாய்ப்புள்ளதாலும், விருந்தினர்கள் மாலை 5 மணிக்குள் வந்து சேர்ந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இதில் விருந்தினருக்கு வேண்டியது "5 மணிக்குள்" என்ற ஒன்று. அது மூன்று காரணங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தமிழில் இப்படி எழுதுவது மிக இயல்பாக வந்துவிடும். "-ஆலும்", "-ஆலும்" என்று அடுக்கி, "வந்து", "பார்த்து", "செய்து" என்று எச்சங்களைக் கோத்து, ஒரு வினைமுற்றில் கட்டி முடிப்பது நமக்குக் கைவந்த கலை. அதை அவிழ்ப்பதுதான் வேலை.

அவிழ்க்கும் முறை இது. கடைசி வினைமுற்றைக் கண்டுபிடியுங்கள். அதை மட்டும் வைத்து ஒரு சின்ன வாக்கியம் எழுதி முதலில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு எச்சத்தையும் முற்றாக மாற்றித் தனி வாக்கியமாக்குங்கள். ஆகிவிட்டதா? இனி எது இல்லாவிட்டாலும் நஷ்டமில்லையோ அதை வெட்டுங்கள்.

> வருகை: மாலை 5 மணிக்குள்
>
> 5 மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தோட்டத்துப் பாதையில் விளக்கு கிடையாது. பனி இறங்கினால் பகலிலேயே வளைவு தெரியாது.

"வழி தவற வாய்ப்புள்ளது" என்பதை வெட்டினேன். விளக்கு இல்லை, பனி இறங்கும் என்று சொன்ன பிறகு அது தானாகவே புரிகிறது. "கேட்டுக்கொள்கிறோம்" போனது. "-உங்கள்" என்ற மரியாதையே போதும், தபால் ஆபீஸ் பணிவு தேவையில்லை.

நீளத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் கணினியில் மூன்று வரியாகத் தெரியும் பத்தி, மொபைலில் ஒன்பது பத்து வரியாக நீளும். நம் சொற்கள் நீளமானவை. என் மொபைலில் ஒரு வரிக்கு நான்கு சொல்தான் பிடிக்கிறது, "முன்பதிவு செய்துகொள்ளலாம்" என்பது கிட்டத்தட்ட ஒரு வரியையே தின்றுவிடும். அதனால் பத்தியைக் கணினியில் எழுதினாலும் மொபைலில்தான் அளக்க வேண்டும். ஆறு வரியைத் தாண்டினால் அதில் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் இருக்கும். பிரித்து, இரண்டாவதற்குத் தனித் தலைப்பு கொடுத்துவிடுவேன்.

புகழ்ச்சியை எடுப்பதுதான் அண்ணனுக்கு வலித்தது. "எழில் கொஞ்சும்" என்பதை எடுத்துவிட்டு, "வாசலில் நின்றால் காபிச் செடியும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரமும் தெரியும். டிசம்பர், ஜனவரியில் வந்தால் பழம் பறிப்பதைப் பார்க்கலாம்" என்று எழுதினேன். சொல் எண்ணிக்கை குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் எழில் எல்லா ஊரிலும் கொஞ்சும். பழம் பறிப்பது எந்த மாதம் என்பது தேதி குறிக்கிறவருக்குப் பயன்படும். இது ஒன்றில் மட்டும் நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

## பட்டியல்: எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

ஒரே தரத்தில், ஒன்றை ஒன்று சாராமல் மூன்றுக்கு மேல் விஷயம் இருந்தால் பட்டியல் போடுங்கள். பழைய பக்கத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. "எங்கள் இல்லத்தில் வெந்நீர் வசதி உள்ளது", "எங்கள் இல்லத்தில் சமையலறை வசதி உள்ளது" என்று ஒன்பது வரி. தொடக்கமும் ஒன்று, முடிவும் ஒன்று, நடுவில் ஒரு சொல்தான் மாறுகிறது. பொதுவானதைப் பட்டியலுக்கு மேல் ஒருமுறை சொல்லிவிட்டால் வரிக்கு வரி அது தேவையில்லை. "வசதி உள்ளது" என்பதை எங்கே பார்த்தாலும் அடித்துவிடலாம்.

ஒன்பதும் நீளம்தான். அதைச் சுருக்கி, இல்லாதவற்றுக்கும் ஒரு பட்டியல் சேர்த்தோம்:

> வீட்டில் இருப்பவை
>
> - வெந்நீர்: 2 குளியலறையிலும் கீசர்
> - சமையலறை: கேஸ் அடுப்பு, பாத்திரம், குடிநீர்
> - கம்பளி: ஆளுக்கு ஒன்று
> - படுக்கை: 2 கட்டில், 2 கூடுதல் மெத்தை
>
> வீட்டில் இல்லாதவை
>
> - டிவி
> - ஏசி
> - ஜெனரேட்டர்: கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு மட்டும் எரியும்

இரண்டாவது பட்டியலைப் போட்டது என் வற்புறுத்தல். இல்லாததைத் தேடுகிறவருக்கு, அது எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் "இருக்கும்போல" என்றுதான் தோன்றும். வந்த பிறகு தகராறு.

வரிசை முக்கியமென்றால் புள்ளிக்குப் பதில் எண். வழி சொல்வது அப்படிப்பட்ட இடம்:

> வழி: சேலத்திலிருந்து காரில்
>
> 1. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வாருங்கள்.
> 2. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும்.
> 3. ஏற்காடு ஏரிக்கு வந்ததும் எங்களுக்குப் போன் செய்யுங்கள். இதைத் தாண்டினால் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.
> 4. தோட்டத்து கேட்டில் ஆள் நிற்பார். அங்கிருந்து மண் பாதை.

மூன்றாவது படிதான் உயிர். அது நான்காவதாகப் போயிருந்தால், விருந்தினர் டவர் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். எண்ணிட்ட பட்டியலில் ஒவ்வொரு படியும் அதைச் செய்யக்கூடிய இடத்தில்தான் நிற்க வேண்டும். கடைசியில் "குறிப்பு" என்று போட்டு அங்கே எழுதினால், ஆள் அதற்குள் கேட்டில் நிற்பார்.

சரி, பட்டியலைக் கற்றுக்கொண்ட பிறகு என்ன நடந்தது தெரியுமா? அண்ணன் உற்சாகத்தில் பக்கம் முழுவதையும் புள்ளி புள்ளியாக்கிவிட்டார். அட்வான்ஸ் திருப்பித் தருவதைக்கூட:

> - மழையில் பாதை அடைத்தால்
> - அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்
> - ரத்து செய்தால் 3 நாள் முன்பே சொல்ல வேண்டும்
> - பாதித் தொகை

இதைப் பார்த்த ஒருவர், மழைக்கும் பாதித் தொகைதான் என்று புரிந்துகொண்டு சண்டைக்கு வந்தார். இன்னொருவர் ரத்து செய்தாலே முழுத் தொகையும் வரும் என்று படித்துவிட்டு சண்டைக்கு வந்தார். இரண்டு பேரும் தப்பாகப் படிக்கவில்லை. "ஆனால்", "அப்படியானால்", "அதனால்" என்ற சொற்கள்தான் ஒரு வரியை இன்னொரு வரியோடு கட்டுகின்றன. பட்டியல் போட்டால் முதலில் விழுவது அவைதான். ஒரு விஷயம் இன்னொன்றுக்கு நிபந்தனையாகவோ காரணமாகவோ இருந்தால், அது பத்தியாகவே இருக்கட்டும்:

> அட்வான்ஸ்: எப்போது திரும்பக் கிடைக்கும்
>
> கனமழையில் அடிவாரப் பாதையை அடைத்துவிட்டால் அட்வான்ஸை முழுவதும் திருப்பித் தருவோம். குப்பனூர் வழி திறந்திருந்து நீங்கள் அதில் வர விரும்பினால், வீடு உங்களுக்காக இருக்கும்.
>
> ஆனால் நீங்களாக ரத்து செய்தால் பாதிதான் கிடைக்கும். அதையும் 3 நாளைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பட்டியலா பத்தியா என்று குழப்பமாக இருந்தால், வரிகளை மேலும் கீழும் இடம் மாற்றிப் பாருங்கள். அர்த்தம் மாறவில்லையென்றால் புள்ளி. மாறினால் எண் அல்லது பத்தி.

## இணைப்பு, பட்டன்

"மேலும் விவரங்களுக்கு இங்கே சொடுக்கவும்" என்று மூன்று இடத்தில் இருந்தது. மேய்கிற கண்ணுக்கு நிறம் மாறிய எழுத்து தனியாகத் தெரியும், அதில் "இங்கே" என்று இருந்தால் எங்கே என்று தெரியாது. "வாட்ஸ்அப்பில் தேதி கேளுங்கள்", "கூகுள் மேப்பில் வழி" என்று, தொட்டால் என்ன நடக்குமோ அதையே எழுதினோம்.

## தலைப்பைத் தலைப்பாகவே போடுங்கள்

அண்ணன் பக்கத்தில் தலைப்புகள் எல்லாம் சாதாரண எழுத்தைப் பெரிதாக்கித் தடிக்க வைத்தவை. கண்ணுக்குத் தலைப்புபோலத் தெரியும், பிரவுசருக்குத் தெரியாது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துத்தான் படிப்பார்கள். அவர்களும் நம்மைப் போலவே மேய்கிறவர்கள்தான், காதால். NVDA என்ற மென்பொருளில் H விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போகலாம். தலைப்பென்று குறிக்காவிட்டால் தாவ ஒன்றும் இருக்காது, முழுப் பத்தியையும் கேட்டாக வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறித்துவிடுங்கள், அப்போதுதான் மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

```html
<html lang="ta">
<h1>ஏற்காடு காபித் தோட்ட வீடு: 6 பேர் தங்கலாம்</h1>
<h2>வாடகை: முழு வீடு, ஓர் இரவுக்கு ₹4,500</h2>
<p>வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுக்கும் ஒரே வாடகை.</p>
<h2>வீட்டில் இருப்பவை</h2>
<ul>
  <li>வெந்நீர்: 2 குளியலறையிலும் கீசர்</li>
</ul>
```

`h1` பக்கத்துக்கு ஒன்று போதும். மற்றவை `h2`. கோடு எழுதத் தெரியாதவர்கள் தளம் அமைக்கும் கருவியில் எழுத்தின் அளவை மாற்றாமல், "Heading 2" என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் இதே வேலை நடக்கும். வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். மேல்விலங்கும் புள்ளியும் மேல் வரியோடு முட்டிக்கொண்டால் பாவம், அதில் யார் மேய்வது?

## சோதனை: கட்டைவிரலைப் பாருங்கள்

எழுதி முடித்ததும் நானும் அண்ணனும் பார்த்துத் திருப்திப்படுவது சோதனை அல்ல. எங்களுக்குத்தான் பதில் ஏற்கெனவே தெரியுமே. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் மொபைலைக் கொடுத்து, "இந்த வீட்டுக்குப் போறீங்க. உங்க டிரைவர் எங்க தூங்குவார்?" என்று மட்டும் கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. விரலைப் பார்த்தேன்.

விரல் இறங்கிக்கொண்டே வந்து, சரியான இடத்தில் நின்று, பதில் வந்தால் முடிந்தது. சரியான இடத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டு மறுபடி மேலே ஏறினால் கோளாறு தலைப்பில்: அவர் தேடிய சொல் முன்னால் இல்லை. சரியான இடத்தில் நின்று, படித்துவிட்டு, "அப்போ டிரைவருக்குக் காசு தனியா?" என்று நம்மைக் கேட்டால் தலைப்பு சரி, பத்தியில் கோளாறு. விரல் நிற்காமல் அடிவரை போய் போன் நம்பரைத் தேடினால் வரிசையில் கோளாறு, முக்கியமானது மேலே இல்லை.

மெக்கானிக் டிரைவரை உடனே கண்டுபிடித்தார். ஆனால் "சாப்பாட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டபோது விரல் இரண்டு தடவை ஏறி இறங்கியது. பார்த்தால், சாப்பாட்டு விலையை வாடகை என்ற தலைப்புக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். காசு சம்பந்தப்பட்டது எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்பது என் கணக்கு. அவருடைய கணக்கில் சாப்பாடு சாப்பாட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அன்றைக்கே மாற்றினேன்: "சாப்பாடு: ஒருவருக்கு வேளைக்கு ₹150, முதல் நாளே சொல்லுங்கள்".

இதே போல இன்னும் மூன்று நான்கு பேரிடம், ஆளுக்கு இரண்டு கேள்வி. அண்ணனின் சொந்தக்காரர் யாரையும் சேர்க்கவில்லை, அவர்கள் வீட்டைப் பார்த்தவர்கள்.

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பத்திகளை என்ன செய்வது என்ற கேள்வி கடைசிவரை இருந்தது. அழித்துவிடலாம் என்றேன், அண்ணன் முகம் வாடியது. எழுதியது அவர் மகள், பத்தாவது படித்தபோது. தனிப் பக்கமாக்கி, "சுற்றிப் பார்க்க: பக்கத்தில் 3 இடங்கள்" என்று ஓர் இணைப்பு மட்டும் கீழே கொடுத்துவிட்டோம். "எழில் கொஞ்சும்" அங்கே பத்திரமாக இருக்கிறது.

புதுப் பக்கம் ஏறிய பிறகு டைரியை இன்னும் இரண்டு வாரம் வைக்கச் சொன்னேன். டிரைவர், வேன், டவர் கேள்விகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. புதிதாக ஒன்று வந்திருந்தது, "நாய் கூட்டிட்டு வரலாங்களா?" அதற்கு ஒரு தலைப்பு சேர்த்தோம். வாடகைத் தலைப்புக்குக் கீழே என்ன எழுதினாலும் நிற்காத கேள்வி ஒன்றும் உண்டு. "ரேட்டு போட்டிருக்கறத பாத்தேங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுவீங்களா?"